எஞ்சிய கட்டங்களில் உடற்கல்வி

இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில் கால அட்டவணை வரையப்படும் விதத்தில் எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. முற்பகல் பாடவேளைகளை முதலில் கணிதமும் அறிவியலும் பெறுகின்றன. அடுத்து மொழிப்பாடங்களும் சமூக அறிவியலும் இடம் பிடிக்கின்றன. பின்னர், ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளில் ஒரே நேரத்தில் நிற்கும் முரண்கள் சரிசெய்யப்படுகின்றன. இவை அனைத்தும் முடிந்தபின் வெறுமையாக நிற்கும் கட்டங்களில் ‘உடற்கல்வி’ என்று எழுதப்படுகிறது. திடல் ஒன்று, ஆசிரியர் ஒருவர், வகுப்புகளோ பதினைந்து என்ற நிலையில் உள்ள ஒரு பள்ளிக்கு இதைவிடத் தவறான வரிசை இருக்க முடியாது. இந்தத் தவறு உடற்கல்வியின் பெருமையை அறியாமையால் நேர்வதன்று. அட்டவணையின் கணக்கை அறியாமையால் நேர்வது.

கணக்கு இதுதான். எந்த ஆசிரியரும் எந்த நேரத்திலும் வரக்கூடும், எந்த வகுப்பும் எந்த நேரத்திலும் அமரக்கூடும் என்றால் அட்டவணை அமைப்பது எளிய வேலை. ஹங்கேரியக் கணிதவியலாளர் டெனெஷ் கோனிக் 1916-இல் நிறுவிய தேற்றத்தை இங்கே பொருத்தினால், மிகுந்த சுமை கொண்ட ஆசிரியருக்கோ வகுப்புக்கோ எத்தனை பாடவேளைகள் உண்டோ, அத்தனைக்குள் முழு அட்டவணையையும் அடக்கிவிடலாம். ‘இவர் இந்த நேரங்களில் மட்டுமே கிடைப்பார்’ என்ற கட்டுப்பாடு நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அக்கட்டுப்பாடு சேர்ந்தவுடன், எல்லா நிலைகளிலும் விரைவாகத் தீர்வு தரும் வழி எதுவும் அறியப்படாத கடினக் கணக்குகளின் வகையில் பள்ளி அட்டவணையும் சேர்ந்துவிடுகிறது என்பதை ஷிமோன் ஈவன், அலோன் இத்தாய், ஆதி ஷமீர் ஆகிய மூவரும் 1976-இல் நிறுவினர்.

ஆகவே அட்டவணையில் கடினமான பாடம் எது என்ற கேள்விக்கு, பாடநூலின் பருமனைப் பார்த்து விடை கூறலாகாது. எந்தப் பாடத்திற்கு உரிய நேரங்கள் மிகக் குறைவோ அதுவே கடினமான பாடம். கணிதத்தை வாரத்தின் நாற்பது பாடவேளைகளில் எதில் வேண்டுமானாலும் நடத்தலாம். உடற்கல்வியை அவ்வாறு நடத்த இயலாது. மிகவும் நெருக்கப்பட்டதை முதலில் அமர்த்து, தளர்வானதைப் பிறகு நிரப்பு என்பது அட்டவணை வரைவோர் கைக்கொள்ளும் பழைய நெறி. இந்தியப் பள்ளிகள் அதைத் தலைகீழாகக் கடைப்பிடிக்கின்றன.

இதனை ஒரு மாதிரிப் பள்ளியைக் கொண்டு பார்க்கலாம். தக்காணத்து நகரம் ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு மூன்று பிரிவுகள் எனப் பதினைந்து பிரிவுகள் கொண்ட பள்ளி எனக் கொள்க. பிரிவுக்கு 40 பேர் என மாணவர் 600 பேர். நாளொன்றுக்கு 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. சனிக்கிழமை அரைநாளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வாரத்திற்கு நாற்பது. முதல் பாடவேளை 9.30-க்குத் தொடங்குகிறது. மூன்றாவது 11.30-க்கு முடிகிறது. நான்காவது முடிந்து 12.20-க்கு மதிய உணவு. ஐந்தாவது 1.10-க்குத் தொடங்குகிறது. ஏழாவது 2.40-க்கும் எட்டாவது 3.20-க்கும் தொடங்கி, 4.00 மணிக்குப் பள்ளி விடுகிறது.

நிழலற்ற திடலில் மூன்றாவது, நான்காவது பாடவேளைகளை வெயில் எடுத்துக்கொள்கிறது. ஐந்தாவது, உண்ட வயிற்றோடு ஓடவேண்டிய வேளை. ஆறாவது, பிற்பகல் வெப்பம் உச்சத்தில் நிற்கும் வேளை. எஞ்சுபவை முதலாவது, இரண்டாவது, ஏழாவது, எட்டாவது ஆகிய நான்கே. ஐந்து நாள்களுக்கு இருபது. ஏழாவதும் இதமான வேளையன்று. தாங்கக்கூடிய வேளை, அவ்வளவே. பதினைந்து பிரிவுகளுக்கும் வாரம் இரண்டு தனிப்பாடவேளைகள் தருவதென்றால் முப்பது தேவை. ஆசிரியரின் நேரத்தை மட்டும் எண்ணினால் நாற்பதில் முப்பது என்பது இயலக்கூடியதாகவே தோன்றும். திடலின் நேரத்தை எண்ணும்போதுதான் இருபதில் முப்பது அடங்காது என்பது விளங்கும். பெரும்பாலான அட்டவணைகள் ஆசிரியரை எண்ணுகின்றன, திடலை எண்ணுவதில்லை.

வழக்கமான வரிசைப்படி இப்பள்ளியின் அட்டவணை நிரப்பப்படும்போது, முற்பகலின் முதல் இரு பாடவேளைகளும் ‘மனம் தெளிவாக இருக்கும் நேரம்’ என்ற காரணத்தால் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் போய்விடுகின்றன. இருபது பத்தாகச் சுருங்குகிறது. பதினைந்து பிரிவுகள், பத்து இடங்கள். இதன்பின் நிகழ்வது எல்லோரும் அறிந்ததே. மூன்று பிரிவுகள் ஒரே பாடவேளையில் திடலுக்கு அனுப்பப்படுகின்றன. ஒரு பந்து வீசப்படுகிறது. வலிமை மிக்க இருபது பையன்கள் திடலின் நடுப்பகுதியைக் கைக்கொள்கிறார்கள். மாணவியர் சுற்றுச்சுவரை ஒட்டிய நிழலில் அமர்கிறார்கள். ஆசிரியர் ஊதலோடு வாயிலருகே நிற்கிறார். 120 பேருக்கு ஒருவர் கற்பிக்க இயலாது என்பதால் அவர் காவலராகிறார். சில பிரிவுகளுக்கோ வெயில் கொளுத்தும் நான்காவது பாடவேளை ஒதுக்கப்படுகிறது; அது தாளில் உடற்கல்வியாகவும் வகுப்பறையில் வீட்டுப்பாடம் எழுதும் நேரமாகவும் கழிகிறது.

வேறு வரிசையில் தொடங்கினால் இதே பள்ளி, இதே திடல், இதே ஆசிரியரைக் கொண்டு வேறொன்று கிடைக்கிறது. அட்டவணைத் தாள் வெறுமையாக இருக்கும்போதே அந்த இருபது இடங்களும் திடலுக்கு உரியவை எனக் குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒரு தனிப்பாடவேளை என்றால் பதினைந்து. ஒவ்வொரு வகுப்பின் மூன்று பிரிவுகளும் சேரும் கூட்டுப்பாடவேளை வாரம் ஒன்று என்றால் ஐந்து. பதினைந்தும் ஐந்தும் இருபது. ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் இரண்டு பாடவேளைகள் உறுதியாகின்றன. கூட்டுப்பாடவேளைகளை எட்டாவதிலும் தனிப்பாடவேளைகளை ஏனைய மூன்றிலும் அமர்த்தினால் வாரம் இவ்வாறு அமையும்:

திங்கள்: எட்டாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே, மாலையில் ஆறாம் வகுப்புக்குக் கூட்டாக.
செவ்வாய்: ஒன்பதாம் வகுப்புக்குத் தனித்தனியே, ஏழாம் வகுப்புக்குக் கூட்டாக.
புதன்: பத்தாம் வகுப்புக்குத் தனித்தனியே, எட்டாம் வகுப்புக்குக் கூட்டாக.
வியாழன்: ஆறாம் வகுப்புக்குத் தனித்தனியே, ஒன்பதாம் வகுப்புக்குக் கூட்டாக.
வெள்ளி: ஏழாம் வகுப்புக்குத் தனித்தனியே, பத்தாம் வகுப்புக்குக் கூட்டாக.

எந்த வகுப்புக்கும் இரண்டு பாடவேளைகள் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாள்களிலோ விழவில்லை என்பதைக் காண்க. இடையில் குறைந்தது ஒரு நாள் இருக்கிறது. ஒரு நாள் விடுமுறை வந்தாலும் எந்த வகுப்பும் அவ்வாரத்தின் இரண்டையும் இழப்பதில்லை. எஞ்சிய கட்டங்களில் நிரப்பப்படும் அட்டவணையில் ஒரு பிரிவின் இரண்டு பாடவேளைகளும் வெள்ளியன்றே விழுவதுண்டு. அந்தப் பிரிவு விடுமுறை மிகுந்த மாதத்தில் திடலையே காண்பதில்லை. முதலாவது, இரண்டாவது, ஏழாவது ஆகிய மூன்றையும் அ, ஆ, இ பிரிவுகளுக்குள் மாதந்தோறும் சுழற்றினால், வெயில் மிகுந்த ஏழாவது எந்த ஒரு பிரிவின் தலையிலும் நிலையாக விழாது.

இதற்கு முதல் எதிர்ப்பு கணித, அறிவியல் ஆசிரியர்களிடமிருந்து வரும். அவர்களுடைய இழப்பையும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் முற்பகலின் முதல் இரு பாடவேளைகள் பத்து உண்டு. மேற்கண்ட ஏற்பாட்டில் உடற்கல்வி அவற்றில் மிகுதியாக ஒன்றை எடுக்கிறது. சுழற்சியில் ஏழாவது பாடவேளை கிடைக்கும் மாதத்தில் அதையும் எடுப்பதில்லை. பத்தில் ஒன்பதை வைத்துக்கொண்டிருப்பவர், எஞ்சிய ஒன்றையும் தராவிட்டால் தேர்ச்சி குறையும் என்று வாதிடுவது கல்வியியல் வாதமன்று. பழக்கத்தால் உரிமையாகிவிட்ட ஓர் ஆதிக்கத்தின் வாதம்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் நுட்பமானது: ‘பாடம் முடியவில்லை, இன்று மட்டும் உடற்கல்விப் பாடவேளையைத் தாருங்கள், பிறகு திருப்பித் தருகிறோம்’ என்பது. இந்தக் கடனின் இயல்பை எந்தப் பள்ளியும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஒரு கணிதப் பாடவேளையை எடுத்துக்கொண்டால், கணிதத்தை வாரத்தின் நாற்பதில் எங்கும் ஈடுசெய்யலாம். ஆசிரியர் மனமிருந்தால் போதும். உடற்கல்விப் பாடவேளை ஒன்று எடுக்கப்பட்டால், அதை இருபது இடங்களில் மட்டுமே ஈடுசெய்ய முடியும். அந்த இருபதும் ஏற்கெனவே நிரம்பியவை. திருப்பித் தருவதற்கு இடமே இல்லை. மற்றொரு பிரிவின் தனிப்பாடவேளையில் நுழைத்தால் இரண்டு பிரிவுகளின் கற்பித்தலும் கெடும். எனவே இதைக் கடன் என்று அழைப்பதே பிழை. நேர்மையான தலைமையாசிரியர் ஒருவர் இதைத் தடுக்க விரும்பினால், ஆசிரியர் யாரேனும் விடுப்பெடுக்கும்போது உடற்கல்வி ஆசிரியரை மாற்றாக அனுப்புவதையும் அதே கணக்கின்படி வரையறுக்க வேண்டும்: மூன்று முதல் ஆறு வரையான பாடவேளைகளில் அனுப்பலாம், ஏனைய நான்கில் அனுப்பக்கூடாது. ஒருவர் வராத வகுப்பை அமைதியாக உட்காரவைக்க வேறு பலரால் முடியும். திடலை நடத்த அப்பள்ளியில் அவர் ஒருவரால்தான் முடியும்.

மூன்றாவது எதிர்ப்பு, ‘பிள்ளைகள் மதிய இடைவேளையில் விளையாடிக்கொள்கிறார்களே’ என்பது. இடைவேளையின் திடல் யாருடையது என்பதை ஒரு வாரம் நின்று பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். அங்கே பத்தாம் வகுப்பு ஆடும்போது ஆறாம் வகுப்பு வேடிக்கை பார்க்கிறது. மாணவர் ஆடும்போது மாணவியர் விலகி நிற்கிறார்கள். தெருவிலும் வீட்டிலும் திடல் மறுக்கப்பட்ட சிறுமிக்கு, ‘இது உன் நேரம்’ என்று எழுதிக்கொடுக்கும் ஒரே ஆவணம் பள்ளியின் கால அட்டவணை. அதனை எஞ்சிய கட்டத்தில் எழுதுவது, இடைவேளையில் நிலவும் அதே அதிகார வரிசையை அலுவல்முறையாக ஏற்பதாகும்.

கூட்டுப்பாடவேளையின் வரம்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 120 பேர் கொண்ட திடலில் கபடிக் களங்கள் இரண்டு, கைப்பந்துக் களம் ஒன்று, கோ-கோ களம் ஒன்று இருப்பதாகக் கொள்க. அதுவே நல்ல வசதி. கபடியில் களத்துக்கு பதினால்வர் என 28 பேர், கைப்பந்தில் 12 பேர். கோ-கோவில் விரட்டும் அணியின் ஒன்பதின்மரும் ஓடும் மூவரும் என ஒரே நேரத்தில் 12 பேர். மொத்தம் 52. எஞ்சிய 68 பேர் காத்திருக்கிறார்கள். 40 நிமிடத்தில் வரிசையாக வருவது, வருகைப்பதிவு, பொருள்களை எடுத்துவைப்பது, கைகழுவித் திரும்புவது ஆகியவற்றுக்குப் பதினைந்து நிமிடம் போனால் எஞ்சுவது 25 நிமிடம். ஆகவே கூட்டுப்பாடவேளையில் புதிய திறன் எதையும் கற்பிக்க முயல்வது வீண். அது அணிப்போட்டிக்கு உரிய நேரம். புள்ளி குறித்தல், நடுவராக நிற்றல் ஆகிய பொறுப்புகளைக் காத்திருப்போருக்குப் பகிர்ந்தளித்து, பாதி நேரத்தில் அணிகளை மாற்ற வேண்டும். கற்பித்தல் நிகழவேண்டிய இடம் 40 பேர் கொண்ட தனிப்பாடவேளை. அதனால்தான் தனிப்பாடவேளை ஒன்றையேனும் காப்பது முதன்மையாகிறது.

கூட்டுப்பாடவேளைக்கு ஒரு விலையும் உண்டு. மூன்று பிரிவுகள் திடலில் நிற்கும்போது உடற்கல்வி ஆசிரியரோடு மேலும் இருவர் நிற்கவேண்டும். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து வாரம் பத்து ஆசிரியப் பாடவேளைகள். பள்ளிகள் வழக்கமாக இந்தப் பத்தையும் தராமல், 120 பேரை ஒருவரிடம் ஒப்படைத்துச் சேமிக்கின்றன. அந்தச் சேமிப்பின் செலவு, முட்டியில் அடிபட்ட சிறுவனை அவர் முதலுதவிக்கு அழைத்துச் செல்லும்போது, கவனிப்பாரின்றி நிற்கும் 119 பேர்.

இதில் பள்ளியை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்கவேண்டும் என்கிறது. மாணவர் எண்ணிக்கை கூடினால் ஆசிரியர் எண்ணிக்கையும் கூடும். உடல்நலக் கல்விக்கும் உடற்கல்விக்குமோ, சேர்க்கை நூறைத் தாண்டினால் பகுதிநேரப் பயிற்றுநர் என்பதோடு அச்சட்டம் நிற்கிறது. நூற்றைந்து பேருக்கும் அறுநூறு பேருக்கும் இடையே விகிதம் எதுவும் கூறப்படவில்லை. விளையாட்டுத்திடல் வேண்டும் என்கிறது; எவ்வளவு பரப்பு என்று கூறவில்லை. பிறகு 2018-இல் சி.பி.எஸ்.இ. வாரியம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு பாடவேளையை உடற்கல்விக்கு ஒதுக்கப் பணித்தது. நோக்கம் உயர்ந்தது. நான்கு வகுப்புகளில் மூன்று பிரிவுகள் என்றால் பன்னிரண்டு பிரிவுகள், வாரம் அறுபது பாடவேளைகள். திடல் தரக்கூடியவையோ இருபது. ஒவ்வொரு வேளையும் மூன்று பிரிவுகள் திடலில் நின்றால்தான் ஆணை நிறைவேறும். தனிப்பாடவேளை என்பதே அந்த அட்டவணையில் இருக்காது. திடலின் கொள்ளளவைக் கேட்காமல் பிறப்பிக்கப்படும் ஆணை, பள்ளியைப் பொய்யான அட்டவணை எழுதத் தூண்டுகிறது.

எனவே அட்டவணை உண்மையா பொய்யா என்பதைக் கண்டறிய ஒரு எளிய ஏடு வேண்டும். அதற்குத் தேவையான பத்திகள் நான்கு: நாள், பாடவேளை, பிரிவு, நடந்ததா இல்லையேல் ஏன். காரணங்களும் ஒருசிலவே: மழை, விடுமுறை, தேர்வு, பாடம் முடிக்க எடுத்துக்கொண்டது, ஆசிரியர் வேறு பணிக்கு அனுப்பப்பட்டது. மாத இறுதியில் பிரிவுவாரியாக எண்ணினால், இழப்பு மழையால் நேர்ந்ததா மனிதரால் நேர்ந்ததா என்பது தெரிந்துவிடும். மழை எல்லாப் பிரிவுகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தாக்கும். டெல்லியில் நவம்பர் மாதக் காற்று மாசு திடலை மூடும்போதும் அவ்வாறே. இழப்பு பத்தாம் வகுப்பில் மட்டும், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மட்டும் குவிந்திருந்தால் காரணம் வானத்தில் இல்லை.

இந்த ஏற்பாடும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தாது. அது பொருந்தாமற்போகும் இடத்தைத் துல்லியமாகக் கூறமுடியும் என்பதே அதன் பயன். பிரிவுகளின் எண்ணிக்கை S என்றும், வகுப்புகளின் எண்ணிக்கை C என்றும் கொண்டால், S + C ≤ 20 என்றிருக்கும்வரை ஒரு திடலும் ஓர் ஆசிரியரும் வாரம் இரண்டு பாடவேளைகளைத் தரமுடியும். மாதிரிப் பள்ளி அந்த எல்லையில் சரியாக நிற்கிறது. வகுப்புக்கு ஒரு பிரிவு கூடினால் 20 + 5 = 25; எல்லை உடைகிறது. அதன்பின் எவ்வளவு திறமையான அட்டவணையாலும் பயனில்லை. சில வேளைகளில் திடலைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்து, இரண்டாவது ஆசிரியரை நிறுத்தியே ஆகவேண்டும். ஐந்து வேளைகள் குறைகின்றன என்று எண்ணிக் காட்டக்கூடிய பள்ளி, கல்வி அலுவலகத்தின் முன் இரந்து நிற்கவேண்டியதில்லை. கட்டிடத்திற்கு வகுப்பறை போதவில்லை என்று எழுதும் அதே தொனியில் திடலுக்கு வேளை போதவில்லை என்று எழுதலாம்.

ஆனால் அவ்வாறு எழுதும் தகுதி, இருக்கும் இருபது இடங்களையும் முதலில் திடலுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கே உண்டு. அவற்றில் பத்தைக் கணிதத்திற்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய பத்தில் மூன்று பிரிவுகளை ஒன்றாக அடைத்துவிட்டு, ஆசிரியர் போதவில்லை என்று கூறும் பள்ளி பாதி உண்மையையே கூறுகிறது. வரும் கல்வியாண்டில் அட்டவணைத் தாளை விரிக்கும் ஆசிரியர் குழு முதலில் எழுதவேண்டியது கணிதத்தின் பெயரையன்று. திடலின் இருபது கட்டங்களை.